பழைய நேரமா, புதிய நேரமா?



போன வாரம் பாடசாலை விட்டதும் சல்லியைச் சேர்ந்த ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்டிருக்கிறார்கள். சாத்திரியார் ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற்கேள்வி, "இது பழைய நேரமா, புதிய நேரமா?" மகள் பிறந்தது 2001 இல். தாய்க்கு ஞாபகமில்லை. "சேர், நீங்க புவியியல் படிப்பிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியுமெண்டு பிள்ளைகள் சொன்னாங்கள்" என்றார்.

அவர் போன பிறகு நெடுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது 37 வயது. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கேள்வி தினமும் காதில் விழுந்த ஒன்று. இன்று நான் படிப்பிக்கும் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது விளங்கவில்லை. ஒரே மாவட்டத்தில் பத்து வருடங்கள் இரண்டு நேரங்கள் ஓடின என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு இலகுவானது. சூரியன் ஒரு பாகை நெடுங்கோட்டைக் கடக்க நான்கு நிமிடம் எடுக்கும். 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம். 1906 இலிருந்து இலங்கை, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தைப் பாவித்தது. அது 82½ பாகைக் கோட்டின் நேரம். திருகோணமலை கிட்டத்தட்ட 81¼ பாகையில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றேகால் பாகை, அதாவது ஐந்து நிமிடம். ஆகவே பழைய நேரப்படி நம்மூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.05க்கு. மணிக்கூடும் சூரியனும் ஏறக்குறைய ஒத்துப்போன நேரம் அது.

1996 இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி மலையகத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வந்த காலம். தண்ணீர் இறங்க இறங்கக் கரண்ட் வெட்டு நீண்டுகொண்டே போனது. எனக்கு எட்டு வயது. மூதூரில் எங்கள் வீட்டில் குப்பி விளக்கில் படித்தது நினைவிருக்கிறது. அப்போதுதான் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னால் தள்ளியது. மே 25ஆம் திகதி நள்ளிரவு 12 மணி, ஒரேயடியாக 1 மணியானது. அந்தத் திகதியில் 12க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு மணித்தியாலம் இந்த நாட்டில் வரவேயில்லை.

இதனால் எப்படி மின்சாரம் மிச்சமாகும்? மாலையில் விளக்குப் போடுவதை முடிவு செய்வது சூரியன். இரவில் விளக்கை அணைத்துப் படுப்பதை முடிவு செய்வது மணிக்கூடு. ஆறேகாலுக்கு இருட்டி, பத்து மணிக்குப் படுக்கும் வீட்டில் விளக்கு மூன்றேமுக்கால் மணித்தியாலம் எரியும். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினால் ஏழேகாலுக்குத்தான் இருட்டும். பத்துக்குப் படுத்தால் இரண்டேமுக்கால் மணித்தியாலம்தான் எரியும்.

கணக்கு சரி. ஆனால் மாலையில் மிச்சப்பட்டதைக் காலை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கேட்டது. நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறவர்கள். ஐரோப்பாவைப் போல கோடையில் நீண்ட பகல் நமக்கில்லை. முன்னால் தள்ளினால் விடியலும் அவ்வளவுக்குப் பிந்தும். அந்த ஒக்டோபர் கடைசியில் திருகோணமலையில் சூரியன் உதித்தது புதிய நேரப்படி 6.53க்கு. அப்படியே விட்டிருந்தால் ஜனவரியில் 7.25க்கு உதித்திருக்கும். பாடசாலை தொடங்குவதோ 7.30க்கு. இருட்டில் எழும்பி விளக்குப் போட்டு, இருட்டிலேயே பிள்ளைகளை அனுப்ப வேண்டிய நிலை. 1996 ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணித்தியாலம் பத்து வருடம் ஒட்டிக்கொண்டது.

பாருங்கள், மே மாதம் நாம் மியன்மாரின் நேரத்துக்குப் போனோம், ஒக்டோபரில் பங்களாதேஷின் நேரத்துக்கு வந்தோம். நம்மூர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. இரண்டாம் உலகப்போரில், 1942 ஜனவரியில் ஆங்கிலேய அரசு அரை மணித்தியாலமும், செப்டம்பரில் இன்னும் அரை மணித்தியாலமும் தள்ளியது. 1945 ஒக்டோபரில் திரும்ப வைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டபோதும் இங்கே ஓடியது முன்தள்ளிய நேரம்தான். ஆனால் அப்போது முழுத் தீவுக்கும் ஒரே அரசு. உத்தரவு எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. 1996 இல் அப்படி இல்லை.

விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் நேரத்தை மாற்றவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தார்கள். இதனால் எங்கெங்கே அரசின் கட்டுப்பாடு முடிந்ததோ அங்கங்கே புதிய நேரமும் முடிந்தது. எந்த வரைபடத்திலும் அச்சிடாத ஒரு நேரக்கோடு நம் மாவட்டத்துக்குள்ளே விழுந்தது. நேரான கோடும் அல்ல.

ஒரு பயணமாகச் சொன்னால் விளங்கும். சல்லியிலிருந்து திருகோணமலை நகரம் வரை புதிய நேரம். லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கினால் அங்கும் புதிய நேரம். மூதூரிலிருந்து கிழக்கே கட்டைபறிச்சானைத் தாண்டிச் சம்பூருக்குப் போனால் பழைய நேரம். திரும்பி வந்து தெற்கே தோப்பூருக்குப் போனால் மீண்டும் புதிய நேரம். ஈச்சிலம்பற்றுக்குப் போனால் பழையது. சேருநுவரவுக்கு வந்தால் புதியது. வெருகலுக்கு இறங்கினால் பழையது. ஆற்றைக் கடந்து மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைக்குள் போனாலும் பழையதுதான். மட்டக்களப்பு நகரத்தில் மறுபடியும் புதியது. ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடிய இந்தப் பயணத்தில் கைக்கடிகாரத்தை எத்தனை முறை திருப்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

உலகத்தில் வேறிடங்களிலும் இப்படி வளைந்த கோடுகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்றொரு சுரங்க நகரம். அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கிறது, ஆனால் பக்கத்து மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் நேரத்தைப் பாவிக்கிறது. சிட்னிக்கும் அதற்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். காரணம், அந்த நகரத்தின் ரயிலும் வியாபாரமும் அடிலெயிட் பக்கமாக இருந்தன. அங்கே கோடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம்முடைய கோடோ காவலரண்கள் நகர நகர நகர்ந்தது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் அது ஓரளவு நிலையாக நின்றது. பாதை திறந்து ஆட்கள் போய்வரத் தொடங்கியதும்தான் இரண்டு நேரங்களும் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின.

எங்கள் வீட்டில் முட்டியதைச் சொல்கிறேன். வாப்பா நெல் வியாபாரி. 2003 இல் சம்பூர்ப் பக்கம் போய்வரத் தொடங்கினார். அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி, நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்த நாட்களில் சோதனைச் சாவடி மாலை 6 மணிக்கு மூடும். ஒருநாள் வாப்பாவின் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. அண்ணன் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார், 5.20. இன்னும் 40 நிமிடம் இருக்கிறதென்று தேத்தண்ணீர் குடித்து, கணக்கு முடித்து, சைக்கிளை மிதித்து அந்த மணிக்கூட்டின்படி 5.45க்குச் சாவடிக்கு வந்து சேர்ந்தார். சாவடியின் மணிக்கூட்டில் அது 6.15. மூடியாயிற்று.

திரும்பிப் போய் அண்ணன் வீட்டில் படுத்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து செய்தி சொல்ல வழியில்லை. வாசல்படியில் இருந்த உம்மாவை விடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் போன ஆள் நேரத்துக்கு வராவிட்டால் மனம் எங்கே போகும் என்பது அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். காலையில் வாப்பா வந்ததும் உம்மா கேட்ட ஒரே கேள்வி, "அவங்கட மணிக்கூட்டை ஏன் பார்த்தீங்க?"

அங்கே போய்ப் படிப்பித்த ஒரு மூத்த ஆசிரியர் இதையே சிரிப்பாகச் சொல்வார். 7.20க்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, அரை மணித்தியாலம் பயணம் செய்து, அங்கே 7.20க்குப் போய்ச் சேருவாராம். திரும்பும்போது அதே தூரத்துக்கு மணிக்கூடு ஒரு மணித்தியாலத்தைக் காட்டுமாம்.

அரச கட்டுப்பாட்டுக்குள் இருந்த ஊர்களிலும் ஒரே நேரம் இருந்ததென்று நினைக்க வேண்டாம். கந்தோரும் பாடசாலையும் பஸ்ஸும் புதிய நேரம். கோயிலில் ராகுகாலமும் சுபநேரமும் பஞ்சாங்கத்தின்படி, அது பழைய நேரம். பள்ளிவாசலில் தொழுகை நேர அட்டவணையோடு அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1996 மே கடைசியில் ஒரு மணித்தியாலம் தள்ளிய நாட்களில் லுஹருடைய நேரமே 1 மணி தாண்டித்தான் நுழைந்தது. ஜனவரி நோன்பில் பழைய நேரப்படி 6.05 அளவில் வரும் மஃரிப், 6.35 ஆனது. சூரியன் மறைவது அதே கணத்தில்தான், நோன்பின் நீளத்தில் ஒரு நிமிடமும் கூடவில்லை. இருந்தும் வயதானவர்கள் "அரை மணித்தியாலம் பிந்தி நோன்பு திறக்கிறோம்" என்று முணுமுணுத்தது ஞாபகமிருக்கிறது. எங்கள் மூத்தம்மா கடைசிவரை தன் மேசை மணிக்கூட்டைத் திருப்பவில்லை. ஒரே வீட்டில் சுவரில் ஒரு நேரம், மேசையில் ஒரு நேரம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள். பழைய துண்டுகளில் உள்ள நேரத்தை எப்படி வாசிப்பது?

முதலில் எந்தப் பக்கம் பிறந்தார் என்று பாருங்கள். அரச கட்டுப்பாட்டுப் பகுதி ஆஸ்பத்திரியில் எழுதிய நேரம் என்றால் மூன்று காலப்பகுதி. 1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை பிறந்திருந்தால் ஒரு மணித்தியாலம் கழிக்க வேண்டும். 1996 ஒக்டோபர் 26 முதல் 2006 ஏப்ரல் 14 வரை என்றால் அரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களுக்கு ஒன்றும் கழிக்கத் தேவையில்லை. புலிகளின் பகுதியில் பிறந்து அங்கேயே நேரம் குறித்திருந்தால் எந்தத் திகதிக்கும் கழிக்கக் கூடாது. வீட்டில் பிறந்த பிள்ளை என்றால், அந்த வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடியது என்று பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அரை மணித்தியாலம் பெரிய விசயமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2001 மார்ச் 14, புதன்கிழமை, திருகோணமலையில் ஒரு பிள்ளை காலை 6.30க்குப் பிறந்ததாகத் துண்டில் இருக்கிறது என்று வைப்போம். அன்று பழைய நேரப்படி சூரிய உதயம் ஏறக்குறைய 6.12. துண்டை அப்படியே வாசித்தால் பிள்ளை உதயத்துக்குப் பின் பிறந்தது, கிழமை புதன். ஆனால் துண்டில் உள்ளது புதிய நேரம். அரை மணித்தியாலம் கழித்தால் 6.00. உதயத்துக்கு முன். பஞ்சாங்க முறையில் நாள் உதயத்தில்தான் தொடங்குவதால் அந்தப் பிள்ளைக்குக் கிழமை செவ்வாய். ஒரு மணிக்கூட்டு உத்தரவு கிழமையையே மாற்றிவிடுகிறது.

நம் பக்கமும் இதே கதைதான், தலைகீழாக. நமக்கு நாள் தொடங்குவது மஃரிபில். 2001 ஜனவரி 15, திங்கட்கிழமை மாலை 6.20க்கு மூதூரில் ஒரு பிள்ளை. அன்று சூரியன் மறைந்தது பழைய நேரப்படி 6.05 அளவில், புதிய நேரப்படி 6.35 அளவில். புதிய நேரத் துண்டு என்றால் பிள்ளை மஃரிபுக்கு முன் பிறந்தது, திங்கள். அதே 6.20 சம்பூரில் குறித்த நேரம் என்றால் மஃரிபுக்குப் பின், செவ்வாய் இரவு. அகீகாவுக்கு ஏழாம் நாள் எண்ணும்போது ஒரு நாள் வித்தியாசம் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது பலர் போனில் உள்ள செயலியில் சாதகம் பார்க்கிறார்கள். அவற்றில் நேர வலயத்தை Asia/Colombo என்று தெரிவு செய்வோம். உலகத்துக் கணினிகள் பாவிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு இருப்பது இந்த ஒரு பெயர்தான். அதற்கு 1996, 2006 மாற்றங்கள் தெரியும். திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு அதுவே கழித்துக்கொள்ளும், நீங்களும் கழித்துக் கொடுத்தால் இரண்டு முறை கழிந்துவிடும். ஆனால் 1998 இல் சம்பூரில் பிறந்தவருக்கு Asia/Colombo என்று கொடுத்தால் கழிக்கக்கூடாத அரை மணித்தியாலத்தைக் கழித்துவிடும். அப்படிப் பிறந்தவர்களுக்கு Asia/Kolkata என்று கொடுக்க வேண்டும், இந்தியாவின் நேரமும் ஐந்தரைதான். அந்தத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களே தங்கள் குறிப்பில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சம்பூரில் பிறந்த பிள்ளையின் நேரத்தைக் கண்டுபிடிக்கக் கல்கத்தாவிடம் போக வேண்டியிருக்கிறது.

அந்தத் தாயின் மகள் பிறந்தது திருகோணமலை ஆஸ்பத்திரியில். அரை மணித்தியாலம் கழிக்கச் சொல்லி அனுப்பினேன்.

கோடு எப்படி அழிந்தது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 2006 சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்குப் போகிறார்கள் என்ற முறைப்பாடும் ஒரு காரணம். ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை 12.30 ஆனபோது மணிக்கூட்டைத் திரும்ப 12 மணிக்கு வைத்தார்கள். 1996 இல் வராமல் போன நேரத்தின் கடைசி அரை மணித்தியாலம் அன்றுதான் திரும்பி வந்தது. புலிகளின் பகுதியில் யாரும் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு சல்லியிலும் சம்பூரிலும் ஒரே நேரம்.

ஆனால் அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பது நம்மூரில் யாருக்கும் மறக்காது. மூன்று நாளைக்கு முன், ஏப்ரல் 12ஆம் திகதி, திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் கடைகள் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் தாக்குதல், அதன் பின் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுவீச்சு. ஓகஸ்டில் மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்க்கு நடந்தோம். செப்டம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கையில் விழுந்தது. மணிக்கூடுகள் ஒன்றாகி ஐந்து மாதம் முடிவதற்குள் அண்ணனும் அகதி, வாப்பாவும் அகதி.

வாப்பா இன்றும் யாராவது நேரம் சொன்னால், ஒரு கணம் நின்று "எந்த நேரம்?" என்று கேட்பார். பேரப்பிள்ளைகளுக்கு அது ஏனென்று விளங்குவதில்லை. உங்கள் வீட்டிலும் அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்கள் இருப்பார்கள். துண்டை எடுத்து அதன் ஓரத்தில் பழையதா புதியதா என்று எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள்.